முன்வைப்புத் தொகை பறிமுதல்: செல்லுபடிக் காலம் முடிந்த நாளைக் கேளுங்கள்

கானாடுகாத்தான் என்றதும் வெளியூரார் நினைவுக்கு வருபவை ஓங்கிய நகரத்தார் மாளிகைகளும் பர்மா தேக்குத் தூண்களும்தான். அதே ஊரில் பேரூராட்சி அலுவலகம் ஒன்றும் இருக்கிறது. மற்றப் பேரூராட்சிகளைப் போலவே அங்கும் தெருவுக்குச் சிமெண்டுக் கல் பதிப்பது, குடிநீர்க் குழாய் மாற்றுவது, வாறுகால் கட்டுவது போன்ற சிறு பணிகள் ஒப்பந்தப்புள்ளி வழியாகவே நடக்க வேண்டும். காரைக்குடி வட்டாரத்தில் இத்தகைய பணிகளுக்கு விலை கேட்டு வருவோரில் முதல் தலைமுறை ஒப்பந்ததாரர்களும் உண்டு. கொத்தனாராகவும் மேஸ்திரியாகவும் பல்லாண்டு உழைத்தபின் தம் பெயரில் பதிவு பெற்றவர்கள் இவர்கள். பட்டியல் சாதியைச் சேர்ந்த இளைஞர்களும் இந்த வரிசையில் நிற்கிறார்கள். விலை கேட்கும்போது கட்டவேண்டிய முன்வைப்புத் தொகை சில ஆயிரங்கள்தான் என்றாலும், அது பெரும்பாலும் நகையை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ கட்டப்படுகிறது.

எனவே "உமது முன்வைப்புத் தொகை பறிமுதல் செய்யப்பட்டது" என்று ஒற்றை வரியில் கடிதம் வரும்போது, அது சட்டப்படி சரியா என்று கேட்பதற்கு முன்பே பலர் பணம் போனதாக முடிவு செய்துவிடுகிறார்கள். சில வேளைகளில் அந்தப் பறிமுதல் சரியானது. சில வேளைகளில் அதற்கு எவ்வித அதிகாரமும் இல்லை. இரண்டையும் பிரித்தறிய இரண்டு தேதிகள் தேவை. ஒன்று, ஒப்பந்தப்புள்ளியின் செல்லுபடிக் காலம் முடிந்த நாள். மற்றொன்று, அலுவலகம் ஏற்புக் கடிதத்தை அனுப்பிய நாள். இந்த இரண்டு தேதிகளையும் வைத்துக்கொண்டு சட்டத்தை எப்படி வாசிப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அச்சாரம் வேறு, முன்வைப்புத் தொகை வேறு

தமிழில் அச்சாரம் என்ற பழைய சொல் உண்டு. மாடு வாங்கும்போதும் நிலம் பேசும்போதும் பேச்சு முடிந்ததற்கு அடையாளமாகக் கொடுக்கும் சிறு தொகை அது. வியாபாரம் நடந்தால் விலையில் கழியும். வாங்குபவர் பின்வாங்கினால் போய்விடும். அச்சாரம் கைமாறும்போது ஒப்பந்தம் ஏற்கனவே பிறந்துவிட்டது என்பதே அதன் முக்கியமான இயல்பு.

ஒப்பந்தப்புள்ளியோடு கட்டும் தொகை அப்படிப்பட்டதன்று. அதைக் கட்டும் நேரத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. நீங்கள் ஒரு விலையைச் சொல்கிறீர்கள்; அலுவலகம் அதை ஏற்கலாம், மறுக்கலாம். அதுவரை அந்த விலையில் நிலைத்து நிற்பேன் என்று நீங்கள் கொடுக்கும் வாக்குக்கு ஈடுதான் முன்வைப்புத் தொகை. ஒப்பந்ததாரர்கள் பேச்சுவழக்கில் இதை இ.எம்.டி. என்பார்கள். பணி கிடைத்தபின் ஒப்பந்தத்தில் கையொப்பமிடும்போது கட்டும் பாதுகாப்பு வைப்புத் தொகை வேறு. அது பணியை ஒழுங்காக முடிப்பதற்கான ஈடு. இரண்டையும் "டெபாசிட்" என்றே எல்லாரும் அழைப்பதால் குழப்பம் வருகிறது. ஆனால் இரண்டுக்கும் பொருந்தும் சட்டம் ஒன்றன்று.

தமிழ்நாட்டில் அரசுத் துறைகள், உள்ளாட்சிகள், அரசு நிறுவனங்கள் ஆகியவற்றின் கொள்முதலை ஆளுவது 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டமும், அதன்கீழ் 2000ஆம் ஆண்டில் வந்த விதிகளும் ஆகும். அவ்விதிகளில் 14ஆவது விதி, முன்வைப்புத் தொகை பொதுவாகக் கொள்முதல் மதிப்பில் 1 விழுக்காட்டுக்கு மிகக்கூடாது என்கிறது. உரிய தொகையை உரிய வடிவில் கட்டாத ஒப்பந்தப்புள்ளி உடனடியாகத் தள்ளப்படும். சில வகையினருக்கு அரசு விலக்கு அளிக்கவும் அதே விதி இடம் தருகிறது. ஒன்றிய அரசின் கொள்முதலில் இத்தொகை 2 முதல் 5 விழுக்காடு வரை இருக்கலாம் என்று 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் கூறுகின்றன.

வாக்குக்குக் காலக்கெடு உண்டு

நிலைத்து நிற்பேன் என்ற வாக்கு என்றென்றைக்கும் உரியதன்று. எத்தனை நாள் என்பதை ஒப்பந்தப்புள்ளி ஆவணமே சொல்ல வேண்டும். 90 நாள் என்றும் 120 நாள் என்றும் எழுதப்பட்டிருக்கும். இதுதான் செல்லுபடிக் காலம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 6ஆவது பிரிவின்படி, ஏற்பதற்கெனக் குறிக்கப்பட்ட காலம் கடந்தால் முன்மொழிவு தானே மாய்ந்துவிடுகிறது. மாய்ந்த முன்மொழிவை ஏற்க முடியாது. அதிலிருந்து பின்வாங்கியதாக யாரையும் குற்றஞ்சாட்டவும் முடியாது.

நாளை எண்ணும்போது முதலில் பார்க்க வேண்டியது, எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பது. சில ஆவணங்கள் ஒப்பந்தப்புள்ளி திறக்கப்பட்ட நாளிலிருந்து என்கின்றன. சில, சமர்ப்பிப்பதற்கான கடைசி நாளிலிருந்து என்கின்றன. ஒரு நாளிலிருந்து என்று எழுதியிருந்தால் அந்த நாளை விட்டுவிட்டு மறுநாளை முதல் நாளாகக் கொள்வதே பொதுவான சட்ட வழக்கம்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். கானாடுகாத்தான் அளவுள்ள ஒரு பேரூராட்சி, 18 லட்சம் ரூபாய் மதிப்பில் தெருவுக்குக் கல் பதிக்கும் பணிக்கு ஒப்பந்தப்புள்ளி கோருகிறது. முன்வைப்புத் தொகை 18,000 ரூபாய். செல்லுபடிக் காலம், திறக்கும் நாளிலிருந்து 90 நாள். ஒப்பந்தப்புள்ளிகள் மே 5 அன்று திறக்கப்படுகின்றன. மே 6 முதல் எண்ணினால் மே மாதத்தில் 26 நாள், ஜூனில் 30, ஜூலையில் 31, ஆக மொத்தம் 87. மீதி 3 நாள் ஆகஸ்டில். எனவே செல்லுபடிக் காலத்தின் கடைசி நாள் ஆகஸ்டு 3. செல்வி என்றொரு ஒப்பந்ததாரர் 16 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த விலை கேட்டு முதலிடத்தில் இருக்கிறார் என்று கொள்வோம். இனி அவருக்கு நேரக்கூடிய நான்கு நிலைமைகளை ஒவ்வொன்றாகக் காணலாம்.

ஒன்று: காலத்துக்குள், ஏற்புக்கு முன் பின்வாங்குதல்

சிமெண்டு விலை ஏறிவிட்டது. பேரூராட்சியிலிருந்து இன்னும் பதில் இல்லை. ஜூலை 10 அன்று செல்வி தம் ஒப்பந்தப்புள்ளியைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் கொடுக்கிறார். ஒப்பந்தச் சட்டத்தின் 5ஆவது பிரிவைப் படித்த மாணவர் எவரும், ஏற்பு அனுப்பப்படுவதற்கு முன் முன்மொழிவைத் திரும்பப் பெறலாமே, பிறகு எப்படிப் பறிமுதல் என்று கேட்பார். டெல்லி உயர்நீதிமன்றமும் ஒருமுறை இப்படித்தான் கருதியது.

அந்த வழக்கு தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கும் கங்கா எண்டர்பிரைசஸ் நிறுவனத்துக்கும் இடையில் நடந்தது. நெடுஞ்சாலையில் சுங்கம் வசூலிக்கும் உரிமைக்கு அந்நிறுவனம் விலை கேட்டிருந்தது. விலையை 120 நாள் மாற்றாமல் வைத்திருக்க வேண்டும் என்பதும், அதற்குள் பின்வாங்கினால் ஈட்டுத் தொகை பறிபோகும் என்பதும் நிபந்தனை. 1997 நவம்பரில், ஏற்புக் கடிதம் வருவதற்கு முன்பே நிறுவனம் விலையைத் திரும்பப் பெற்றது. ஒப்பந்தமே உருவாகவில்லை, ஆகவே பறிமுதல் செல்லாது என்றது உயர்நீதிமன்றம். 2003இல் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. திரும்பப் பெறும் உரிமை ஒன்று, திரும்பப் பெற்றால் ஈட்டை இழப்பேன் என்று கொடுத்த வாக்கு மற்றொன்று என்று நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. பின்வாங்கியவரைப் பணியைச் செய்யும்படி கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் ஈடு போய்விடும். 2011இல் ஹரியானா அரசுக்கும் மாலிக் டிரேடர்ஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கிலும் இதே நிலைப்பாடு உறுதி செய்யப்பட்டது.

இதன் காரணத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். செல்வியின் விலை 16 லட்சத்து 20 ஆயிரம். இரண்டாம் இடத்தில் இருப்பவரின் விலை 18 லட்சத்து 90 ஆயிரம் என்று வையுங்கள். இருவரும் கூட்டாளிகளாக இருந்தால், முதலாமவர் கடைசி நேரத்தில் விலகிப் பணியை இரண்டாமவருக்கு விடுவதால் 2 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய் பொதுப்பணம் கூடுதலாகப் போகும். இந்த விளையாட்டைத் தடுக்கவே பறிமுதல் நிபந்தனை இருக்கிறது. ஆனால் 18,000 ரூபாய் இழப்பு கூட்டுச் சேர்ந்த பெரிய ஒப்பந்ததாரரைத் தடுத்து நிறுத்தாது. விலையைத் தவறாகக் கணித்த முதல் தலைமுறைக்காரருக்கோ அது ஒரு மாத வருமானம். இதனால்தான் முதலிடத்தவர் விலகினால் இரண்டாமவரை அழைக்காமல் மறு ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும் என்று ஒன்றிய அரசு நிறுவனங்களுக்கு மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் அறிவுறுத்தியிருக்கிறது. உங்கள் ஊரில் முதலிடத்தவர் திடீரென விலகி, இரண்டாமவரிடம் பணி போயிருந்தால், ஆர்வலர்கள் அந்தக் கோப்பைக் கேட்டுப் பார்ப்பது தகும்.

ஆகவே முதல் நிலைமையில் செல்வியின் 18,000 ரூபாய் போய்விடும். பேரூராட்சிக்கு நட்டம் ஏற்பட்டதா என்ற கேள்வியும் இங்கே எழாது. ஆனால் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும்: பின்வாங்கினால் பறிமுதல் என்ற நிபந்தனை ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் எழுத்தில் இருக்கிறதா? மேற்கண்ட தீர்ப்புகள் அனைத்தும் விலை கேட்டவர் ஏற்றுக்கொண்ட நிபந்தனையின் மீதே நிற்கின்றன. நிபந்தனை இல்லாத இடத்தில் அலுவலகத்தின் கோபம் மட்டும் பறிமுதலுக்குக் காரணமாகாது.

இரண்டு: காலம் கடந்தபின் வரும் ஏற்பு

செல்வி பின்வாங்கவில்லை, காத்திருந்தார். ஆகஸ்டு 3 கடந்தது. ஆகஸ்டு 7 தேதியிட்ட ஏற்புக் கடிதம் வருகிறது. பதினைந்து நாளுக்குள் ஒப்பந்தத்தில் கையொப்பமிடாவிட்டால் முன்வைப்புத் தொகை பறிமுதல் என்கிறது அது.

இந்தப் பறிமுதலுக்கு அடிப்படை இல்லை. ஆகஸ்டு 3 நள்ளிரவோடு செல்வியின் முன்மொழிவு மாய்ந்துவிட்டது. ஆகஸ்டு 7 கடிதம் சட்டத்தின் பார்வையில் பேரூராட்சி செய்யும் புதிய முன்மொழிவு மட்டுமே. அதை அவர் ஏற்கலாம், மறுக்கலாம். தமிழ்நாட்டு விதிகளின் 26ஆவது விதி இதற்கு வலுச் சேர்க்கிறது. மதிப்பீட்டையும் பணி வழங்கலையும் செல்லுபடிக் காலத்துக்குள் முடிக்க வேண்டும். முடியாவிட்டால் நீட்டிப்புக் கோர வேண்டும். நீட்டித்த காலத்துக்குள்ளும் முடியாவிட்டால் எல்லா ஒப்பந்தப்புள்ளிகளும் செல்லாதவை ஆகிவிடும், புதிதாகக் கோரலாம் என்பதே அவ்விதியின் சாரம்.

நீட்டிப்பு பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். கால நீட்டிப்பு என்பது வேண்டுகோள். ஒருவர் கொடுத்த வாக்கை மற்றவர் தம் விருப்பப்படி நீட்டிக்க முடியாது. எனவே நீட்டிப்புக்கு மறுப்பவர் பின்வாங்கியவர் ஆகமாட்டார். கால முடிவில் அவர் தொகை அவருக்குத் திரும்ப வேண்டும். உலக வங்கியின் மாதிரி ஒப்பந்தப்புள்ளி ஆவணங்கள் இதை வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கின்றன. ஆனால் நீட்டிப்புக்கு எழுத்தில் ஒப்புக்கொண்டால் வாக்கும் நீள்கிறது, பறிமுதல் ஆபத்தும் அதோடு நீள்கிறது. நீட்டிப்பைப் பயன்படுத்தி விலையைக் கூட்டவும் முடியாது.

நடைமுறையில் தவறு எங்கே நேர்கிறது என்றால், காலம் முடிந்தபின் அலுவலகத்திலிருந்து அழைத்து முன் தேதியிட்ட ஒப்புதல் கடிதம் ஒன்றில் கையெழுத்துக் கேட்கும்போது. வருங்காலப் பணிகளை நினைத்துப் பலர் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கையெழுத்தோடு இந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். கையொப்பமிட நேர்ந்தால் அதன் கீழே அன்றைய உண்மையான தேதியை எழுத வேண்டும்.

மூன்று: காலத்துக்குள் வந்தும் நிபந்தனையோடு வந்த ஏற்பு

ஏற்புக் கடிதம் ஜூலை 30 அன்றே வந்துவிட்டது. ஆனால் அதில், நீங்கள் கேட்ட விலையிலிருந்து 5 விழுக்காடு குறைத்துக்கொள்ள வேண்டும் என்றும், ஆவணத்தில் இருந்த 90 நாளுக்குப் பதில் 45 நாளில் பணியை முடிக்க வேண்டும் என்றும் எழுதப்பட்டிருக்கிறது. செல்வி மறுக்கிறார். பறிமுதல் ஆணை வருகிறது.

ஒப்பந்தச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, ஏற்பு முழுமையானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. விலையை மாற்றிக் கேட்பது ஏற்பன்று, எதிர் முன்மொழிவு. முதலிடத்தவரோடு விலை குறைக்கப் பேசும் வழக்கம் இருக்கிறது, பேசுவதில் தவறில்லை. ஆனால் தாம் எழுதிக் கொடுத்த விலையிலேயே நிற்கும் ஒருவர் தம் வாக்கை மீறியவர் ஆகமாட்டார், காத்தவர் ஆவார். ஆகவே மறுப்புக் கடிதத்தில் பணியைச் செய்ய மாட்டேன் என்று எழுதக்கூடாது. "ஒப்பந்தப்புள்ளியில் குறித்த விலையிலும் நிபந்தனைகளிலும் பணியைச் செய்யத் தயாராக இருக்கிறேன், புதிய நிபந்தனைகளை ஏற்க இயலாது" என்று எழுத வேண்டும். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் உள்ள வேறுபாடுதான் பின்னாளில் வழக்கின் முடிவு.

நான்கு: முறையான ஏற்புக்குப் பின் ஒதுங்குதல்

ஜூலை 30 அன்று எவ்வித மாற்றமும் இல்லாத ஏற்புக் கடிதம் அஞ்சலில் சேர்க்கப்பட்டது. 4ஆவது பிரிவின்படி, கடிதம் அஞ்சலில் சேர்ந்த கணத்திலேயே அந்த ஏற்பு செல்வியைக் கட்டுப்படுத்துகிறது. கையில் கிடைத்த நாள் அன்று. பாதுகாப்பு வைப்புத் தொகை கட்டவோ ஒப்பந்தத்தில் கையொப்பமிடவோ அவர் வரவில்லை. இதுவே ஆவணங்களில் பொதுவாகக் குறிக்கப்படும் இரண்டாவது பறிமுதல் காரணம். இங்கும் தொகை போகும்.

ஆனால் முன்வைப்புத் தொகைக்கு மேல் எவ்வளவு கேட்கலாம்? மறு ஒப்பந்தப்புள்ளியில் கூடுதலாகச் செலவான தொகை முழுவதையும் பழைய ஆளிடம் கேட்கும் வழக்கம் உண்டு. 2021இல் சவுத் ஈஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் நிறுவனத்தின் வழக்கில் இந்தக் கேள்வி உச்சநீதிமன்றத்துக்கு வந்தது. பணி வழங்கும் எண்ணத்தைத் தெரிவிக்கும் கடிதம் மட்டும் கொடுக்கப்பட்டிருந்தது. பாதுகாப்புத் தொகை கட்டுதல், ஒப்பந்தம் எழுதுதல் போன்ற அடுத்த படிகள் நடக்கவில்லை. முடிவுற்ற ஒப்பந்தம் உருவாகாததால் ஈட்டுத் தொகையைப் பறிமுதல் செய்வதோடு நிறுவனத்தின் உரிமை முடிந்தது. கூடுதல் செலவைக் கேட்க முடியாது என்று நீதிமன்றம் கூறியது. 18,000 ரூபாய் பறிமுதலோடு 2 லட்சத்து 70 ஆயிரம் கேட்டு அறிவிப்பு வந்தால், கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஒப்பந்தம் எப்போது முடிவுற்றது என்பதே.

ஒப்பந்தத்துக்குப் பின் சட்டம் மாறுகிறது

ஒப்பந்தம் உருவானபின் வைப்புத் தொகையைப் பறிமுதல் செய்வதை ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவு ஆளுகிறது. ஒப்பந்தத்தில் எந்தத் தொகை எழுதப்பட்டிருந்தாலும், அந்த வரம்புக்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும் என்பது அப்பிரிவு.

இதன் பழைய எடுத்துக்காட்டு மௌலா பக்ஸ் வழக்கு. இராணுவத்துக்கு உருளைக்கிழங்கும், கோழி, முட்டை, மீன் ஆகியவையும் வழங்க 1947இல் ஒப்பந்தம் செய்தவர் அவர். இரண்டு ஒப்பந்தங்களுக்குமாக 18,500 ரூபாய் வைப்புத் தொகை கட்டியிருந்தார். பொருளை ஒழுங்காக வழங்கவில்லை என்று அரசு ஒப்பந்தத்தை முறித்துத் தொகையைப் பறிமுதல் செய்தது. 1969இல் உச்சநீதிமன்றம், இது அச்சாரம் அன்று, செயல்பாட்டுக்கான ஈடு என்றது. பொருளை வேறிடத்தில் வாங்கியதால் என்ன நட்டம் என்று அரசு எளிதாகக் காட்டியிருக்கலாம், காட்டவில்லை, ஆகவே தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

2015இல் கைலாஷ்நாத் அசோசியேட்ஸ் வழக்கு இதை இன்னும் தெளிவாக்கியது. டெல்லி வளர்ச்சி ஆணையம் 1982இல் நடத்திய ஏலத்தில் ஒரு மனையை 3.12 கோடி ரூபாய்க்குக் கேட்டு, 78 லட்சம் ரூபாயை அந்நிறுவனம் முன்பணமாகக் கட்டியது. பின்னர் ஏலம் ரத்தாகி அத்தொகை பறிமுதலானது. ஆணையமோ அதே மனையை 11.78 கோடிக்கு விற்றுவிட்டது. நட்டமே இல்லாத இடத்தில் இழப்பீடு ஏது என்று கேட்டு, தொகையைத் திருப்பித் தர நீதிமன்றம் ஆணையிட்டது. அதே தீர்ப்பு மற்றொரு வரம்பையும் குறித்தது. பொது ஏல நிபந்தனையின்கீழ், ஒப்பந்தம் எட்டப்படுவதற்கு முன்பே நிகழும் பறிமுதலுக்கு 74ஆவது பிரிவு பொருந்தாது.

மாணவர்கள் மௌலா பக்ஸ் தீர்ப்பை மட்டும் படித்துவிட்டு, அரசு நட்டத்தைக் காட்டவில்லை, ஆகவே பணத்தைத் தா என்று செல்வியின் முதல் நிலைமையில் வாதிட்டால் தோல்விதான் கிடைக்கும். ஏற்புக்கு முன் நிகழ்ந்த பறிமுதலில் நிபந்தனையையும் தேதியையும் வைத்து வாதிட வேண்டும். ஒப்பந்தத்துக்குப் பின் நிகழ்ந்த பறிமுதலில் நட்டத்தை வைத்து வாதிட வேண்டும்.

இவை பறிமுதலுக்குக் காரணங்கள் ஆகா

தகுதிச் சான்று ஒன்று குறைந்ததால் ஒப்பந்தப்புள்ளி தள்ளப்படுவது வேறு, பறிமுதல் வேறு. தள்ளப்பட்டவர் தம் வாக்கிலிருந்து பின்வாங்கவில்லை; அவர் தொகை திரும்ப வேண்டும். போலிச் சான்று கொடுத்தால் பறிமுதல் என்று ஆவணத்தில் எழுதியிருந்தால் அது தனி. ஆனால் சான்று இல்லாததையும் சான்று போலியானதையும் ஒன்றாக்க முடியாது. இரண்டாம், மூன்றாம் இடத்தில் வந்தவர்களின் தொகையைப் பணி முடியும்வரை பிடித்து வைப்பதற்கும் நியாயம் இல்லை. ஒப்பந்தப்புள்ளி முடிவானதும் அவர்களுக்குத் திருப்பித் தர வேண்டும்.

பறிமுதலோடு கறுப்புப் பட்டியலும் சேர்ந்தே வருவதுண்டு. அது தனித் தண்டனை. கறுப்புப் பட்டியலில் சேர்க்க உத்தேசித்திருப்பதை வெளிப்படையாகச் சொல்லும் விளக்கம் கேட்கும் அறிவிப்பு முதலில் தரப்பட வேண்டும் என்று 2014இல் கூர்க்கா செக்யூரிட்டி சர்வீசஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியுள்ளது. 18,000 ரூபாயை விட்டுவிடலாம் என்று எண்ணுபவர்கூட, அந்த ஆணையில் கறுப்புப் பட்டியல் பற்றிய வரி ஒன்று இருக்கிறதா என்று பார்க்காமல் விடக்கூடாது. பணம் ஒருமுறை போகும். பட்டியல் பல ஆண்டுப் பிழைப்பைக் கெடுக்கும்.

விலக்கு பெற்றவர்களும் கவனிக்க வேண்டியது

ஒன்றிய அரசின் 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கை ஆணையின்படி, குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து ஆண்டுக் கொள்முதலில் குறிப்பிட்ட பங்கு வாங்கப்பட வேண்டும். இன்று அது 25 விழுக்காடு. அதற்குள் 4 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு உரியது. இந்நிறுவனங்களுக்கு முன்வைப்புத் தொகையிலிருந்தும் விலக்கு உண்டு. ஆனால் அது பொருள், சேவைக் கொள்முதலுக்கானது. தெருவுக்குக் கல் பதிப்பது போன்ற கட்டுமானப் பணிகளுக்கு இதைக் காட்டி விலக்குக் கேட்டால் ஒப்பந்தப்புள்ளி தள்ளப்படும்.

விலக்கு என்பது வாக்கிலிருந்து விடுதலையும் அன்று. தொகைக்குப் பதிலாக உறுதிமொழிப் பத்திரம் வாங்க ஒன்றியப் பொது நிதி விதிகள் இடம் தருகின்றன. செல்லுபடிக் காலத்துக்குள் பின்வாங்கினால் குறிப்பிட்ட காலம் ஒப்பந்தப்புள்ளிகளில் பங்கேற்க முடியாதபடி நிறுத்தி வைக்கப்படுவேன் என்பதே அதன் வாசகம். பணம் கட்டியவர் பணத்தை இழப்பார். பத்திரம் கொடுத்தவர் வாய்ப்பை இழப்பார்.

பறிமுதல் கடிதம் வந்தால்

முதலில் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தின் முழுப் பிரதியை எடுத்து வைக்க வேண்டும். இணையத்தில் பதிவிறக்கியது பின்னர் கிடைக்காமல் போகலாம். ஆகவே விலை கேட்ட நாளிலேயே எடுத்து வைப்பது நல்லது. அடுத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மூன்று ஆவணங்களைக் கேட்க வேண்டும்: ஒப்பந்தப்புள்ளி திறந்த நாளின் நடவடிக்கைக் குறிப்பு, செல்லுபடி நீட்டிப்புக் கோரிய கடிதங்கள், ஏற்புக் கடிதம் வெளியே சென்ற நாளைக் காட்டும் அனுப்புகைப் பதிவேட்டின் பக்கம். கடிதத்தில் அச்சிட்ட தேதியும் பதிவேட்டுத் தேதியும் வேறுபடுவது அரிதன்று. செல்வியின் கணக்கில் கடிதம் ஆகஸ்டு 1 என்றும் பதிவேடு ஆகஸ்டு 7 என்றும் சொன்னால், அந்தப் பக்கம் ஒன்றே போதும்.

பின்னர் அலுவலகத்துக்கு எழுத்தில் முறையீடு தர வேண்டும். அதில் கோபமோ கெஞ்சலோ வேண்டாம். நிபந்தனையின் எண், செல்லுபடி முடிந்த தேதி, ஏற்பு அனுப்பிய தேதி மூன்றும் இருந்தால் போதும். பணியை வேறொருவருக்கு வழங்கிய ஆணையையும் எதிர்ப்பதென்றால் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அதற்கு ஆணை கிடைத்த நாளிலிருந்து 10 நாள்தான் அவகாசம். தகவல் உரிமை மனுவுக்குப் பதில் வர 30 நாள் ஆகலாம் என்பதால், பதிலுக்காக மேல்முறையீட்டை நிறுத்தி வைக்கக்கூடாது.

அதற்கும் பயனில்லையெனில், சிவகங்கை மாவட்டத்தினர் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிப்பேராணை மனு தாக்கல் செய்யலாம். தேதிகள் ஆவணங்களிலேயே தெளிவாக இருக்கும் வழக்குகளுக்கே அது ஏற்ற இடம். சாட்சி விசாரித்து முடிவு செய்யவேண்டிய தகராறு இருந்தால், நீதிமன்றம் உரிமையியல் வழக்குக்கு அனுப்பிவிடும். பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமையியல் வழக்குக்கு மூன்று ஆண்டுக் கால வரம்பு உண்டு.

18,000 ரூபாய்க்கு உயர்நீதிமன்றம் வரை போவதா என்று கேட்கலாம். எல்லாரும் போக வேண்டியதில்லை. பல கோப்புகள், அனுப்புகைப் பதிவேட்டின் அந்தப் பக்கத்தை முறையீட்டோடு இணைத்துக் கொடுத்தபோதே முடிந்துவிடும். அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்க ஆகும் கட்டணம் 10 ரூபாயும் நகல் செலவும்தான்.